பணவீக்கம், மந்தம், பற்றாக்குறை
தந்தையும் மகளும் உரையாடுகின்றனர்

நாளிதழ்களின் வாணிபப் பக்கத்தில் பணவீக்கம், பொருளாதார மந்தம், பற்றாக்குறை என்னும் மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. இவை, ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கூறுவன அல்ல. ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்துக்குள் எவ்வளவு மாறியது, எவ்வளவு சேர்ந்தது என்பதையே கூறுகின்றன. இவ்வேறுபாடு தெளிவாகாவிடில் செய்தியின் பொருள் தலைகீழாகத் தோன்றும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கும், கடைதோறும் சென்று விலை விவரம் சேகரிக்கும் களப்பணியாளரான அவள் தந்தைக்கும் நடந்த உரையாடல் இதனை விளக்கும்.

மகள்: அப்பா, 2022-23ஆம் ஆண்டில் 6.7 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2023-24இல் 5.4 சதவீதமாகவும், 2024-25இல் 4.6 சதவீதமாகவும் குறைந்தது என்று படித்தேன். அப்படியானால் பொருள்களின் விலை மூன்று ஆண்டுகளாக இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? அம்மாவோ விலை ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்களே!

தந்தை: அம்மா கூறுவதும் சரி, செய்தியும் சரி. 2021-22இல் ஒரு குடும்பம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய பண்டங்களை எடுத்துக்கொள். அடுத்த ஆண்டு விலை 6.7 சதவீதம் ஏறியதால் அதே பண்டங்களுக்கு 1,067 ரூபாய் ஆயிற்று. அதற்கடுத்த ஆண்டின் 5.4 சதவீதத்தை எதன்மேல் கணக்கிட வேண்டும்?

மகள்: 1,067 ரூபாயின் மேல்.

தந்தை: ஆம். அது ஏறத்தாழ 1,125 ரூபாய் ஆகும். பின்னர் 4.6 சதவீதம் சேர்ந்து 1,176 ரூபாய் ஆகும். வீதம் ஆண்டுக்காண்டு குறைந்தது. விலையோ ஒவ்வோர் ஆண்டும் ஏறியது. மலையேறுபவன் களைத்து நடையைத் தளர்த்தினான் என்றால் அவன் கீழே இறங்கிவிட்டான் என்று பொருளாகுமா? பணவீக்க வீதம் சுழிக்குக் கீழே சென்றால்தான் பொதுவான விலைநிலை இறங்கியது என்று கொள்ளலாம்.

மகள்: இவ்வளவு பண்டங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணை எவ்வாறு பெறுகிறார்கள்?

தந்தை: குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று முதலில் ஆராய்ந்து, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எடை தருகிறார்கள். 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில், நூறு பங்கில் ஏறத்தாழ 46 பங்கு உணவுக்கும் பானங்களுக்கும் உரியது. பின்னர், தேர்ந்தெடுத்த கடைகளில் மாதந்தோறும் அதே தரமுள்ள பண்டத்தின் விலையைக் குறிக்கிறோம். இங்கேதான் களப்பணியாளர் விழிப்பாக இருக்க வேண்டும். பொட்டலத்தின் விலை மாறாமல் எடை மட்டும் 100 கிராமிலிருந்து 90 கிராமாகக் குறைந்தால், விலை மாறவில்லை என்று எழுதலாமா?

மகள்: கூடாது. அதே பணத்துக்குக் குறைவான பொருள் அல்லவா கிடைக்கிறது?

தந்தை: ஆதலால் எடையைப் பாராமல் விலையை மட்டும் குறிப்பவரின் படிவத்தில் விலையேற்றம் மறைந்து போகும். இன்னொன்றையும் நினைவில் கொள். குறியீட்டெண் நாட்டின் சராசரிக் குடும்பத்துக்கு உரியது. வருவாயில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும் ஏழைக் குடும்பத்துக்கு, காய்கறியும் பருப்பும் விலையேறும் மாதத்தில் பணவீக்கம் அச்சிட்ட எண்ணைவிட மிகுதியாக இருக்கும்.

மகள்: மந்தம் என்பதும் இதுபோன்றதுதானா?

தந்தை: அதில் தமிழ்ச் சொல்லாலேயே ஒரு குழப்பம் நேர்கிறது. உற்பத்தி 8 சதவீதம் பெருகி வந்த இடத்தில் 6 சதவீதமே பெருகினாலும் மந்தம் என்று எழுதுகிறார்கள். உற்பத்தியே சுருங்கினாலும் மந்தம் என்றே எழுதுகிறார்கள். முன்னது வளர்ச்சியின் தளர்வு. பின்னது உண்மையான சுருக்கம். அடுத்தடுத்த இரண்டு காலாண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தி சுருங்கினால் அதனைப் பொருளாதாரப் பின்னடைவு என்று கொள்வது செய்தித்தாள்களின் வழக்கம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அதற்கடுத்த காலாண்டிலும் இவ்வாறு நேர்ந்தது. கொள்ளைநோயின் பொருட்டு ஊரடங்கு விதிக்கப்பட்ட காலம் அது.

மகள்: ஆனால் 2021ஆம் ஆண்டு அதே காலாண்டில் உற்பத்தி 20 சதவீதம் வளர்ந்ததாக ஒரு பழைய இதழில் கண்டேன். அவ்வளவு விரைவில் பெருவளர்ச்சி வந்துவிட்டதா?

தந்தை: நீயே கணக்கிட்டுப் பார். 2019இல் அக்காலாண்டின் உற்பத்தியை 100 என்று வைத்துக்கொள். 2020இல் அது ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது.

மகள்: அப்படியானால் 76. அதன்மேல் 20 சதவீதம் என்றால் 15 சேர்ந்து 91 ஆகிறது. நூறைக்கூட எட்டவில்லையே!

தந்தை: பள்ளத்திலிருந்து அளந்தால் சிறு மேடும் குன்றாகத் தோன்றும். ஆகையால் வளர்ச்சி வீதத்தைப் படிக்கும்போது, எந்தக் காலத்தோடு ஒப்பிடுகிறார்கள், அக்காலம் இயல்பானதா என்று பார்க்க வேண்டும். விதைப்பு, அறுவடை, பண்டிகை ஆகியவற்றால் ஒரு காலாண்டு மற்றொன்றினின்று இயல்பாகவே வேறுபடும். அதனால்தான் நம் நாட்டில் பெரும்பாலும் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறார்கள்.

மகள்: பற்றாக்குறை எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் துண்டு விழுவதுதானே?

தந்தை: மிகவும் சரி. ஒரு வீட்டின் வரவு 20,000 ரூபாய், செலவு 25,000 ரூபாய் என்றால் 5,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதைக் கடன் வாங்கி ஈடு செய்கிறார்கள். அடுத்த மாதம் 3,000 ரூபாய் மட்டுமே துண்டு விழுந்தது. கடன் குறைந்ததா?

மகள்: இல்லை. 8,000 ரூபாயாக ஏறியிருக்கிறது.

தந்தை: அரசாங்கத்தின் நிதிப் பற்றாக்குறையும் அத்தகையதே. கடனல்லாத எல்லா வரவுகளையும் மொத்தச் செலவிலிருந்து கழித்தால் வரும் மிச்சம் அது. மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 2020-21இல் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாய். 2023-24இல் ஏறத்தாழ 16½ லட்சம் கோடி ரூபாய். பற்றாக்குறை குறைந்தது, ஆனால் அவ்வாண்டும் அத்தொகை பழைய கடன்மேல் ஏறியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் இதன் பங்கோ 9.2 சதவீதத்திலிருந்து 5.6 சதவீதமாக இறங்கியது.

மகள்: தொகை சிறிதளவே குறைய, சதவீதம் இவ்வளவு இறங்குவானேன்?

தந்தை: வகுக்கும் எண்ணாகிய நாட்டின் உற்பத்தி மதிப்பு அதற்குள் பெருகிவிட்டது. அம்மதிப்பில் விலையேற்றமும் அடங்கியிருக்கிறது. 2020-21இல் நேர்ந்தது இதற்கு மாறானது. தொழில் நின்றதால் வருவாய் குறைந்தது, இலவசத் தானியம் முதலிய உதவிகளால் செலவு மிகுந்தது, உற்பத்தியும் சுருங்கியது. மந்தம் வரும்போது பற்றாக்குறை தானே பெருகுவதன் காரணம் இதுவே. அதனைக் கண்டவுடன் ஊதாரித்தனம் என்று முடிவு கட்டிவிடலாகாது. கடன் பணம் பாலத்துக்கும் பாசனத்துக்கும் சென்றதா, அன்றாடச் செலவில் கரைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

மகள்: வணிகப் பற்றாக்குறை என்றும் எழுதுகிறார்களே, அதுவும் அரசாங்கத்தின் கடன்தானா?

தந்தை: அன்று. நாடு இறக்குமதி செய்த பண்டங்களின் மதிப்பு ஏற்றுமதியின் மதிப்பை விஞ்சிய அளவு அது. அரசாங்கத்தின் வரவு செலவு வேறு, நாட்டின் வாணிபக் கணக்கு வேறு. பற்றாக்குறை என்று படித்தவுடன், எந்தக் கணக்கில் என்று கேட்க வேண்டும்.

மகள்: இப்பொழுது ஒரு கேள்வி, அப்பா. பணவீக்கம் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்து, உங்கள் ஊதியம் 3 சதவீதம் உயர்ந்தால் நமக்கு ஆதாயமா, நட்டமா?

தந்தை: நீயே சொல்.

மகள்: விலை ஏறத்தான் செய்கிறது, ஆனால் ஊதியத்தைவிட மெதுவாக ஏறுகிறது. ஆகவே சிறிது ஆதாயம். ஆனால் நாம் மிகுதியாக வாங்கும் பண்டங்கள் 3 சதவீதத்துக்குக் குறைவாகவே ஏற வேண்டும். அதை அம்மாவின் செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.