முதல் வீட்டுக் கணக்கை முப்பத்திரண்டால் பெருக்காதீர்கள்

ஒரே மாதிரி 32 வீடுகள் கொண்ட குடியிருப்பு. வயரிங் வேலையை எடுத்த காண்ட்ராக்டர், முதல் வீட்டை முடிக்க எத்தனை ஆள்-மணி ஆனது என்று பார்க்கிறார். சுவரை வெட்டி பைப் பதித்து, பாக்ஸ் பொருத்தி, ஒயர் இழுத்து முடிக்க 100 மணி. முப்பத்திரண்டால் பெருக்கினால் 3,200. இந்தக் கணக்கில் ரேட் போட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஒரே குழு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நேரம் குறைந்துகொண்டே வரும். கை வேகமாவது மட்டும் காரணமல்ல. முதல் வீட்டில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து பைப்பை அளந்து வெட்டியவர்கள், ஐந்தாவது வீட்டுக்குள் நுழையும்போது எல்லாத் துண்டுகளையும் முன்பே வெட்டிக் கட்டிக் கொண்டுவருவார்கள். எந்தச் சுவரில் பிளம்பிங் பைப் குறுக்கே வரும் என்பதும் மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். உடைத்துத் திரும்பச் செய்யும் வேலை குறையும்.

இந்தக் குறைவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று 1936-ல் எழுதியவர் டி. பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர். செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சராசரி உழைப்புச் செலவு முன்பிருந்ததில் 80 சதவீதமாக இறங்குவதை அவர் காட்டினார். கட்டட வேலையில் இறக்கம் அவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை. நம் கணக்குக்கு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு 100 மணி, இரண்டாவது 90, நான்காவது 81, எட்டாவது 73, பதினாறாவது 66, முப்பத்திரண்டாவது 59. முதல் இரட்டிப்புக்கு ஒரு வீடு போதும்; கடைசி இரட்டிப்புக்குப் பதினாறு வீடு வேண்டும். லாபத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

எஸ்டிமேட் போடுபவர்கள் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். 59 என்பது கடைசி வீட்டின் நேரம், எல்லா வீடுகளின் சராசரி அல்ல. ஒவ்வொரு வீட்டின் மணியையும் கூட்டினால் 2,191 வரும். சராசரி 68-க்குச் சற்று மேல். 59-ஐ முப்பத்திரண்டால் பெருக்கியவருக்கு 1,888 மணிதான் கிடைக்கும். அவருக்கு வேலை கிடைக்கும், 300 மணிக் கூலியைக் கையிலிருந்து கொடுப்பார். இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. ரைட் பேசியது சராசரியைப் பற்றி; பின்னால் வந்த கிராஃபோர்டின் முறை தனித்தனி அலகின் நேரத்தைப் பற்றியது. இரண்டிலும் அதே 90 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும், விடை மட்டும் வேறு. யாராவது உங்களிடம் 90 என்று சொன்னால், அது எந்த முறையில் அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, வேலையை விரைவாக முடிக்க வேண்டும் என்று இரண்டு குழுக்களை இறக்குவது. ஆளுக்குப் பாதியாக 16 வீடு. ஒவ்வொரு குழுவும் 100-லிருந்துதான் தொடங்கும். ஒரு குழுவுக்கு 1,204, இரண்டுக்குமாக 2,408 மணி. நாள் மிச்சம், ஆனால் 217 மணி கூடுதல் கூலி. பாதி வேலையில் குழு ஊருக்குப் போய், புது ஆட்கள் வந்து ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டாலும் இதே கதிதான். பழைய ஆட்களே நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பினால், விட்ட இடத்தில் தொடர முடியாது. சில வீடுகள் பின்னால் போய்த்தான் தொடங்குவார்கள்.

இந்தச் சரிவு ஆட்களின் உழைப்புக்கு மட்டுமே. ஒயரின் நீளம் குறையாது. கான்கிரீட் இறுகும் நாளும் குறையாது. ஏற்கெனவே பழகிய குழுவின் சராசரியை வைத்து எழுதிய ரேட் புத்தகத்தின் மேல் இன்னொரு முறை 90 சதவீதம் போடுவதும் தவறு. அதே கழிவை இரண்டு தடவை எடுப்பது அது.

உங்கள் குழுவின் சதவீதத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். மஸ்டரில் ஆள் கணக்கை நாள்வாரியாக மட்டும் எழுதாமல் வீட்டு எண்வாரியாகவும் எழுதுங்கள். எட்டாவது வீட்டின் மணியை நான்காவது வீட்டின் மணியால் வகுங்கள். முதல் வீட்டை நம்பாதீர்கள். பொருள் வராமல் காத்திருந்ததும், வரைபடம் மாறியதும் அதில்தான் கலந்திருக்கும். விடை 0.9 பக்கம் வந்தால் மேலே சொன்ன கணக்கைத் தொடரலாம். ஒன்றை நெருங்கினால், ஆட்கள் கற்கவில்லை என்று முடிவு கட்டுமுன் பொருள் நேரத்துக்கு வருகிறதா என்று ஸ்டோரில் விசாரியுங்கள்.