வருவது வருகிறது, போவதுதான் போகவில்லை

போனிலிருந்து அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைத்தான். சென்ட் பெட்டியில் இருந்தால் அது நம் கையைவிட்டுப் போய்விட்டது. பெறுபவரை அவருடைய ஸ்பேம் பெட்டியில் தேடச் சொல்லலாம். 'Mail Delivery Subsystem' என்ற பெயரில் இன்பாக்ஸுக்கு ஒரு மெயில் வந்திருந்தால், நம் மெயில் கிளம்பிப் போய், முகவரி தவறு போன்ற ஏதோ காரணத்தால் திரும்பியிருக்கிறது. அவுட்பாக்ஸில் இருந்தால் அது இன்னும் போனைவிட்டே கிளம்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எதிராளியின் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டதோ, அவர் நம்மை பிளாக் செய்துவிட்டாரோ என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். சிக்கல் நம் போனில் இருக்க வேண்டும், அல்லது நெட்டில், அல்லது நமக்காக மெயிலை வாங்கி அனுப்பும் சர்வரில். ஐபோனின் மெயில் ஆப்பில் அனுப்பாத மெயில் ஏதாவது இருந்தால் மட்டுமே அவுட்பாக்ஸ் கண்ணில் படும். அதனால் அப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டின் ஜிமெயில் ஆப்பில், காத்திருக்கும் மெயிலுக்குப் பக்கத்தில் 'Queued' என்று எழுதியிருக்கும்.

இரண்டு சர்வர்கள், இரண்டு வழிகள்

"மெயில் வருகிறதே, அப்புறம் ஏன் போகமாட்டேன் என்கிறது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காகச் சாக்கடை அடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, மெயிலிலும் அப்படித்தான். மெயிலை எடுத்து வருவது ஐமேப் என்ற முறை. அனுப்புவது எஸ்.எம்.டி.பி. என்ற வேறொரு முறை. ஜிமெயிலை எடுத்துக்கொண்டால் வரவுக்கு `imap.gmail.com`, அனுப்புவதற்கு `smtp.gmail.com`. போனில் ஒரு கணக்கைக் கையால் சேர்த்தால், இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பயனர் பெயர், பாஸ்வேர்டு, போர்ட் எண் எல்லாம் உண்டு. ஒன்று சரியாக இருக்கும்போதே மற்றொன்று தவறாக இருக்கலாம்.

எஸ்.எம்.டி.பி.க்கு 1982-இல் விதி எழுதிய காலத்தில் அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. யார் மெயில் கொடுத்தாலும் சர்வர் வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும். பிற்காலத்தில் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் இந்தத் தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அனுப்புகிறவர் யார் என்று சர்வர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு 1999-இல்தான் இதன் விதிகளில் சேர்ந்தது. பின்னால் ஒட்டவைத்த இந்தச் சோதனையில்தான் இன்றைக்கும் நிறைய மெயில்கள் மாட்டிக்கொள்கின்றன.

கம்பெனி மெயிலில் ஒரு சிக்கல்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பெயரிலேயே சொந்த மெயில் முகவரி. மெர்ச்சண்டைசர் ஒருவர் புது ஐபோன் வாங்கி, அதில் தன் கம்பெனி மெயிலைச் சேர்க்கிறார். வரவேண்டிய மெயில்கள் எல்லாம் வருகின்றன. பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு மெயில் தட்டிப் பார்க்கிறார், போகிறது. சந்தோஷமாக, ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு விலைப்பட்டியலை அனுப்புகிறார். அது அவுட்பாக்ஸில் நின்றுவிடுகிறது. திரையில் ஒரு எச்சரிக்கை: சர்வர் 'relaying' அனுமதிக்கவில்லையாம்.

உள்ளூர் மெயில் போகிறது, வெளியூர் மெயில் போகவில்லை என்றதும் பையரின் முகவரியில்தான் தவறு என்று தோன்றும். உண்மையான காரணம் வேறு. கம்பெனிக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்கு மெயில் என்றால், அதை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கம்பெனியின் சர்வர் வாங்கிக்கொள்ளும். வெளியாட்களிடமிருந்து மெயில் வாங்குவதும் அதன் வேலைதானே. ஆனால் வேறொரு சர்வருக்குக் கடத்திவிடச் சொன்னால், கேட்பவர் நம் ஆள்தானா என்று பார்க்கும். பாஸ்வேர்டு கொடுக்காதவருக்கு அந்த வேலையைச் செய்யாது. இங்கே போன் பாஸ்வேர்டு கொடுக்கவே இல்லை.

ஏன் கொடுக்கவில்லை? ஐபோனில் கணக்கைக் கையால் சேர்க்கும்போது, அனுப்பும் சர்வருக்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு கட்டங்களில் மங்கலாக 'Optional' என்று எழுதியிருக்கும். விருப்பம் என்றுதானே போட்டிருக்கிறார்கள் என்று நம் மெர்ச்சண்டைசர் அவற்றைக் காலியாக விட்டுவிட்டார். சில சர்வர்களுக்கு வேண்டுமானால் அது விருப்பமாக இருக்கலாம். கம்பெனிக்கு வெளியே மெயில் அனுப்ப இன்று கிட்டத்தட்ட எல்லா சர்வர்களுக்கும் அது கட்டாயம்.

தீர்வு சில நிமிட வேலைதான். செட்டிங்ஸில் மெயில் கணக்குக்குள் போய், அந்தக் கணக்கின் 'SMTP' என்ற வரியைத் தொட்டு, 'Primary Server' என்பதைத் திறக்க வேண்டும். பயனர் பெயர் இடத்தில் முழு மெயில் முகவரி, கீழே அதே பாஸ்வேர்டு. 'Use SSL' இயங்க வேண்டும். போர்ட் எண் 25 என்று இருந்தால் அதை 587 அல்லது 465 ஆக மாற்ற வேண்டும். எது என்பதை மெயில் சேவை தருபவர் சொல்லுவார். 25 என்பது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். ஸ்பேமுக்குப் பயந்து பல நெட் கம்பெனிகள் அதை அடைத்துவைத்திருக்கின்றன. ஆபீஸ் வைஃபையில் போன மெயில் வீட்டு வைஃபையில் போகாமல் நிற்கிறது என்றால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே சிக்கல் பாஸ்வேர்டு மாற்றும்போதும் வரும். புது பாஸ்வேர்டை வரவுப் பக்கத்தில் போட்டுவிட்டு, அனுப்பும் பக்கத்தை மறந்துவிடுவார்கள். ஜிமெயிலை வேறொரு ஆப்பில் கையால் சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. தனிநபர் கணக்குகளின் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து இப்படி நுழைவதை கூகுள் 2022 மே மாதத்தின் இறுதியில் நிறுத்திவிட்டது. கூகுளின் சொந்த லாகின் பக்கம் வழியாகச் சேர்க்க வேண்டும். அல்லது இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'App password' ஒன்றை எடுத்து அதைப் போட வேண்டும்.

இணைப்பு சொன்ன அளவைவிடப் பெரிது

மெர்ச்சண்டைசரின் மெயில் இப்போது ஜெர்மனிக்குப் போகிறது. அடுத்து, துணி மாதிரியை இரண்டு போட்டோ எடுத்து அனுப்புகிறார். ஒவ்வொன்றும் 4 எம்.பி., மொத்தம் 8 எம்.பி. மறுபடியும் அவுட்பாக்ஸ்.

மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளைக் கொண்டுபோவதற்காக உண்டாக்கியது. அதனால் போட்டோவோ பி.டி.எஃப்.போ எதுவானாலும் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புவார்கள். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். வரி முறிவுகளும் சேரும். ஆக 8 எம்.பி. இணைப்பு வழியில் ஏறக்குறைய 11 எம்.பி. ஆகிவிடுகிறது. நிறைய ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் ஒரு மெயிலின் உச்ச அளவு 10,240,000 பைட்; அதாவது பத்து எம்.பி.யைக் கொஞ்சம் தாண்டும். ஃபைலின் அளவைப் பார்த்தால் எல்லைக்குள் இருக்கிறது, மெயிலின் அளவைப் பார்த்தால் எல்லை தாண்டிவிட்டது. சர்வர் 552 என்ற எண்ணைச் சொல்லி மறுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இணைப்பு இல்லாமல் ஒரே வரி மெயிலை, முன்பு போன அதே முகவரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அது போய்விட்டால் அளவுதான் காரணம். போட்டோவைச் சிறிதாக்கலாம், ஒவ்வொன்றாக அனுப்பலாம், அல்லது டிரைவில் ஏற்றி லிங்க் கொடுக்கலாம். சில ஆப்களில் பெரிய மெயில் ஒன்று முன்னால் நின்றுகொண்டு, பின்னால் வரும் சின்ன மெயில்களையும் போகவிடாது. அப்போது சோதனை மெயிலும் நின்றுவிடும் என்பதால், பெரியதை முதலில் அவுட்பாக்ஸிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

சிக்னல் மெலிந்த இடத்தில் அளவு இன்னொரு விதத்திலும் படுத்தும். எஸ்.எம்.டி.பி.யில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. 11 எம்.பி.யில் பத்து எம்.பி. ஏறியபின் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தால், வெளியே வந்ததும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

போனே பிடித்துவைத்திருந்தால்

திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை, மெயில் மட்டும் 'Queued' என்று காத்திருக்கிறது என்றால், சர்வர் மறுத்திருக்க வாய்ப்பு குறைவு. ஆப் முயற்சியே செய்யாமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர், டேட்டா சேவர் இரண்டும் பின்னணியில் ஓடும் ஆப்களுக்கு நெட்டைக் குறைத்துவிடும். அனுப்பு பொத்தானைத் தொட்டவுடன் போனை அணைத்துப் பையில் போடுகிறவர்களுக்கு இது அதிகம் நேரும். கணக்கின் ஸிங்க் நின்றிருந்தாலும் இப்படித்தான். ஹோட்டல், ரயில் நிலைய வைஃபைகளில் வைஃபை குறி தெரியும். ஆனால் லாகின் பக்கத்தில் மொபைல் எண்ணைப் போடாதவரை நெட் வராது. பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கூகுள் கணக்கின் இலவச இடமான 15 ஜி.பி. நிரம்பிவிட்டாலும் ஜிமெயிலில் மெயில் வருவதும் போவதும் இரண்டுமே நின்றுவிடும். மெயிலைவிட போட்டோக்களே அந்த இடத்தை அதிகம் அடைத்திருக்கக்கூடும்.

ஆப்பை அழிப்பதற்கு முன்

பொறுமை இழந்து கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதும், ஆப்பின் டேட்டாவை அழிப்பதும் பலர் கையாளும் வைத்தியம். சில நேரம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் அவுட்பாக்ஸில் நிற்கும் மெயில் போனில் மட்டுமே இருக்கிறது. வேறெங்கும் அதற்குப் பிரதி இருக்கும் என்று நம்ப முடியாது. கணக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும். முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, மெயிலைத் திறந்து, எழுதியதைப் பிரதி எடுத்து நோட்ஸில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அதே கணக்கை பிரவுசரில் திறந்து அனுப்பிப் பார்க்கலாம். அங்கிருந்து போய்விட்டால் கணக்கில் கோளாறு இல்லை. போனின் செட்டிங்ஸை மட்டும் பார்த்தால் போதும்.

மறுபடி அனுப்புவதற்கு முன் சென்ட் பெட்டியை ஒருமுறை பார்ப்பதும் நல்லது. முழு மெயிலையும் வாங்கிக்கொண்ட சர்வர், 'கிடைத்தது' என்று 250 என்ற எண்ணில் பதில் சொல்லும். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் நெட் அறுந்துபோனால், மெயில் போகவில்லை என்றே போன் நினைத்துக்கொண்டு மீண்டும் அனுப்பும். அப்போது சென்ட் பெட்டியைக்கூட முழுதாக நம்ப முடியாது. விலைப்பட்டியல் இரண்டு முறை போனால் பரவாயில்லை. ஆர்டரோ பணம் அனுப்பச் சொல்லும் கடிதமோ என்றால், பெறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.