காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

2024 ஜூன் 30 ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணிக்கடைகளில் கூட்டம் அலைமோதும் நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு விற்பனை அறிக்கையில் அந்த ஒரு நாள் மட்டும் விடுபட்டால் என்ன ஆகும்? மொத்தம் சற்றுக் குறையும். ஆனால் பார்த்தவுடன் சந்தேகம் வரும் அளவுக்குக் குறையாது. தவறான எண் வாடிக்கையாளரின் கைக்குப் போய்விடும்.

அறிக்கை எழுதியவர் தன் தவறைத் தானே கண்டுபிடிப்பது கடினம். தான் என்ன எழுத நினைத்தாரோ அதையே அவர் கண் படிக்கும். அதனால்தான் அனுப்புவதற்கு முன் சக ஊழியர் ஒருவர் சரிபார்க்கிறார். அவரும் அதே குவெரியை மேலிருந்து கீழாகப் படித்துத் தலையாட்டினால் பயனில்லை. தேதி, ஃபில்டர், அலகு மூன்றுக்கும் அவர் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பல கிளைகள் உள்ள ஒரு கற்பனைத் துணிக்கடையை வைத்து அதைப் பார்ப்போம்.

முதலில் தேதி. குவெரியில் இப்படி இருக்கிறது:

```
WHERE bill_time BETWEEN '2024-04-01' AND '2024-06-30'
```

படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் bill_time என்பதில் தேதியோடு நேரமும் இருக்கிறது. நேரம் குறிப்பிடாத '2024-06-30' என்பதைக் கணினி அன்றைய நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். கடை திறந்த பிறகு போட்ட பில் எதுவும் உள்ளே வராது. சரிபார்ப்பவர் நாள்வாரியாக பில்களை எண்ணி, முதல் நாளையும் கடைசி நாளையும் பார்த்தால் போதும். மற்ற ஞாயிறுகளில் 900 பில், ஜூன் 30-ல் பூஜ்யம் என்றால் தவறு வெளிப்பட்டுவிடும். திருத்தமும் எளிது:

```
WHERE bill_time >= '2024-04-01' AND bill_time < '2024-07-01'
```

பில் எண்ணிக்கை 47,100-லிருந்து 48,000 ஆகிறது. இணையவழி ஆர்டர்களும் இருந்தால், நேரம் எந்தக் கணக்கில் பதிவாகிறது என்றும் கேட்க வேண்டும். உலகப் பொது நேரத்தில் பதிவானால் அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஏப்ரல் 1 அதிகாலை 5 மணி ஆர்டர் மார்ச் 31-ல் போய் உட்காரும்.

அடுத்தது ஃபில்டர். ரத்தான பில்களை நீக்க status <> 'cancelled' என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் முன்னும் பின்னும் எத்தனை பில் என்று சரிபார்ப்பவர் ஒரு தாளில் எழுதுகிறார். முன்பு 48,000, பின்பு 43,000. ரத்தானவற்றை மட்டும் தனியே எண்ணினால் 1,900தான். அப்படியானால் 46,100 மீதமிருக்க வேண்டும். 3,100 பில் எங்கே? ஒரு கிளையின் பழைய பில் இயந்திரம் status-ல் எதையும் பதிவதில்லை; அந்த இடம் NULL ஆக இருக்கிறது. NULL என்றால் மதிப்பே தெரியாதது. தெரியாத ஒன்றை 'cancelled' அல்ல என்று SQL உறுதிசொல்லாது. அதனால் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நீக்கியது எத்தனை, நீக்க வேண்டியது எத்தனை என்ற இந்த ஒரு கழித்தல் கணக்கு, குவெரியைப் பத்து முறை படித்தாலும் தெரியாததைக் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது அலகு. கடை பில்கள் ரூபாயில் இருக்க, இணையவழிப் பணம் பைசாவில் பதிவாகியிருக்கலாம். 46,100 பில்லில் 400 மட்டுமே இணையவழி, சராசரி பில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 பில்லின் உண்மை மதிப்பு 6 லட்சம். பைசாவை ரூபாயாகக் கூட்டினால் அதுவே 6 கோடி. சுமார் 6.9 கோடி விற்பனை 12.9 கோடியாகிவிடும், இணையவழி விற்பனை அபாரமாக வளர்ந்திருக்கிறது என்று அறிக்கையும் சொல்லும். இதைப் பிடிக்க, மொத்தத்தை விட்டுவிட்டு ஒற்றை பில்லுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வழியிலிருந்தும் ஒரு பில்லை எடுத்து, வாடிக்கையாளர் கையில் இருக்கும் ரசீதோடு ஒப்பிட வேண்டும். 1,499 ரூபாய் சட்டை 1,49,900 என்று நின்றால் வேறு சாட்சி வேண்டாம். அட்டவணைத் தலைப்பில் லட்சமா, கோடியா, மில்லியனா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 1 மில்லியன் 10 லட்சம்.

இந்தப் பட்டியலுக்கும் எட்டாத தவறு உண்டு. 'விற்பனை' என்று வாடிக்கையாளர் சொல்வது ஜிஎஸ்டி சேர்த்தா, திருப்பிக் கொடுத்த துணியைக் கழித்தா என்பது தரவில் எழுதியிருக்காது. அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டபின், முந்தைய காலாண்டுக்கு அவருடைய கணக்குப் புத்தகம் காட்டும் மொத்தத்தை இதே குவெரியால் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் சரிபார்த்தவர் கையெழுத்திடலாம். பொருந்தாவிட்டால், வித்தியாசம் எந்த நாளில், எந்தக் கிளையில் என்று தெரியும்வரை அறிக்கை அலுவலகத்திலேயே இருக்கட்டும்.