பிள்ளைக்கு வீடு: தானப் பத்திரமா, உயிலா? புதுச்சேரி பெற்றோர் கவனிக்க!

புதுச்சேரியில் 60 வயது கடந்த ஒரு அம்மா, தான் வாங்கிய வீட்டை மகனுக்குக் கொடுக்க நினைக்கிறார் என வைத்துக்கொள்வோம். தானப் பத்திரம் என்றால் பதிவு கட்டாயம், முத்திரைத்தாள் கட்டணமும் இப்போதே கட்டணும். வீடு உடனே மகனுடையதாகிவிடும். உயிலுக்கு அந்தக் கட்டணமே கிடையாது. உயிரோடு இருக்கும்வரை மாற்றியும் எழுதலாம். (பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரும் 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு விதி வேறு.)

எப்படிக் கொடுத்தாலும் வீடு கைக்கு வரும்போது மகனுக்கு வருமான வரி இல்லை. பின்னாளில் விற்றால், அம்மா வாங்கிய விலையை வைத்து லாபம் கணக்கிடப்படும்.

சரி, தானமாக எழுதிக்கொடுத்த பிறகு மகன் கவனிக்காமல் விட்டால்? 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் தானத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 'என்னைப் பராமரிக்கணும்' என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தேன் என்று காட்டணும். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றதற்கு, பராமரிப்பதாக மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் ஒரு காரணம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க.