பழைய முகவரியில் புதுக் குடித்தனம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஜூன் 27 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் போட்ட சட்டம் செல்லாது என்பதே அது. முடிவோடு உடன்பட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ, தன் காரணங்களைத் தனியாக எழுதினார். பள்ளித் துப்பாக்கிச்சூடுகளை வைத்தே விளையாட்டுகள் வந்துவிட்டன என்பதைக் காட்ட, 14ஆம் அடிக்குறிப்பில் ssnat.com என்ற முகவரியைக் கொடுத்தார்.

அந்தத் தீர்ப்பைப் படித்த ஒரு சட்ட மாணவர், பிறகு உதவும் என்று அந்த முகவரியை உலாவியில் சேமித்து வைத்ததாக எண்ணிக்கொள்வோம். ஈராண்டு கழித்து, கட்டுரை எழுதும் நேரத்தில் அதைச் சொடுக்குகிறார். விளையாட்டைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. ‘இந்தப் பக்கத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மேற்கோள் காட்டாமல் விட்டீர்களே, நல்லதாயிற்று!’ என்கிற பொருளில் ஒரு கேலி வாசகம் நிற்கிறது. அலிட்டோ காட்டிய பக்கம் மறைந்துவிட்டது. இணையத் தகவல் எவ்வளவு நிலையற்றது என்று சொல்வதற்காகவே யாரோ இந்தப் பெயரை வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் அந்த வாசகமே விளக்கியது. மாணவர் நாம் கற்பனை செய்தவர். அந்தக் கேலிப் பக்கம் உண்மையாகவே இருந்தது. 2013இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தியாகவும் வந்தது.

இது எப்படி நடக்கிறது? இணையப் பெயரை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்குவதில்லை. அது வாடகை வீடு மாதிரி. கட்டணம் கட்டும்வரைதான் நம்முடையது. .com பெயருக்கான கட்டணம் நின்றால், பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை காத்திருக்கலாம். அதன்பின் பழைய உரிமையாளர் கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. கடைசியாக 5 நாள் கழிந்ததும் பெயர் பொதுவில் விழும். முதலில் பதிவு செய்பவருக்கே அது சொந்தம். இப்படி விழும் பெயர்களைக் கண்காணித்துப் பிடிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களிலிருந்து இணைப்பு பெற்ற பெயர் என்றால் அவர்களுக்குக் கூடுதல் லாபம். பழைய இணைப்பைச் சொடுக்குகிறவர்கள் எல்லாம் அவர்களுடைய விளம்பரத்துக்கோ சூதாட்டத் தளத்துக்கோ வந்து சேர்வார்கள்.

பக்கம் அழிந்துபோய் 404 என்ற பிழை வந்தால், போனது போய்விட்டது என்றாவது நமக்குத் தெரியும். இங்கே அப்படியில்லை. புதிய உரிமையாளரின் சர்வர் பக்கத்தை ஒழுங்காக அனுப்புவதால், இணைப்புகளைச் சோதிக்கும் சாதாரண மென்பொருள் ‘நலமாக இருக்கிறது’ என்றே குறித்துவிடும். பக்கத்தைத் திறந்து படிக்கும் மனிதருக்குத்தான் மாற்றம் தெரியும்.

ssnat.com விதிவிலக்கும் அல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஜோனதன் சிட்ரெய்ன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் மூவரும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பாதி முகவரிகள், நீதிபதிகள் மேற்கோள் காட்டிய தகவலுக்கு இட்டுச்செல்லவில்லை. இதற்கு மாற்றாக ஹார்வர்டு சட்ட நூலகம் Perma.cc என்ற சேவையைத் தொடங்கியது. மேற்கோள் காட்டும் நாளில் பக்கத்தைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்குத் தனி முகவரி தருவதே அதன் வேலை.

நம் மாணவருக்கும் ஒரு வழி உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைத் தேதிவாரியாகச் சேமித்து வருகிறது. உலாவியில் இப்படி எழுதினால் போதும்:

```
web.archive.org/web/20110627/http://ssnat.com
```

நடுவில் உள்ள எண் ஆண்டு, மாதம், நாள். பிரதி ஏதும் இருந்தால், அந்த நாளுக்கு மிக அருகில் எடுத்தது திறக்கும். ஆனால் வந்த பிரதியின் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது பெயர் கைமாறியதற்குப் பிந்தையதாக இருந்தால் புதியவரின் பக்கமே கிடைக்கும். கடவுச்சொல் கேட்கும் பக்கங்களும், தேடுபெட்டியில் சொல் கொடுத்தால் மட்டுமே தோன்றும் பட்டியல்களும் பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்காது.

ஆகவே, பிறகு தேவைப்படும் பக்கத்தைப் படிக்கும் அன்றே web.archive.org/save என்ற இடத்தில் அதன் முகவரியைக் கொடுத்துப் பிரதி எடுத்துவிடுங்கள். குறிப்பேட்டில் பக்கத்தின் தலைப்பு, எழுதியவர், பார்த்த தேதி, பிரதியின் முகவரி நான்கையும் எழுதுங்கள். முகவரியை மட்டும் சேமிப்பது, பக்கத்தைச் சேமிப்பது ஆகாது.