எந்தத் தேதி, எத்தனை அறை, யார் யார்?

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் பொறியியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் ஆபீசர்கள் கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பத் தொடங்குவார்கள். வளாகத் தேர்வுக்கு வரவேண்டிய தேதி, ஒதுக்கப்படும் அறைகள், கலந்துகொள்ளும் மாணவர் பிரிவுகள் என்று மூன்று விஷயங்கள்தான் அதில் இருக்கும். பார்த்தால் சாதாரண நிர்வாகக் கடிதம். ஆனால் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எந்தக் கம்பெனியின் தேர்வுக்கு உட்காரவே முடியும் என்பது இங்கேதான் முடிவாகிறது.

ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். மென்பொருள் கம்பெனி ஒன்று சி.எஸ்.இ., ஐ.டி., இ.சி.இ. மாணவர்களைக் கேட்கிறது. சி.ஜி.பி.ஏ. 7-க்கு மேல் இருக்கவேண்டும், 'அரியர் கூடாது' என்பது நிபந்தனை. இந்த இரண்டு சொல்லை அப்படியே மெயிலில் போட்டு அனுப்பினால் வம்புதான். இப்போது அரியர் இருக்கக்கூடாதா, அல்லது எப்போதுமே இருந்திருக்கக்கூடாதா? மூன்றாம் செமஸ்டரில் கணக்கில் தவறி, அடுத்த முறையே எழுதித் தேறியவருக்கு முதல் விளக்கத்தின்படி கதவு திறக்கும், இரண்டாவதன்படி மூடும். தெளிவுபடுத்தாமல் விட்டால், எழுத்துத் தேர்வில் ஜெயித்து இன்டர்வியூ மேசை வரை போனவரை, மார்க் ஷீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த மாணவர் படும் வேதனை ஒரு வரி மெயிலால் தவிர்த்திருக்கக்கூடியது. 'தற்போது நிலுவையில் அரியர் இல்லாதவர்கள். முன்பு இருந்து தேறியவர்களுக்கும் அனுமதி உண்டு என எடுத்துக்கொள்கிறோம், உறுதிப்படுத்தவும்' என்று எழுதிக் கேட்பதுதான் முறை.

சரி, கம்பெனி சம்மதித்துவிட்டது. 250 பேர் தகுதி பெறுகிறார்கள். கல்லூரியில் தலா 60 கம்ப்யூட்டர் கொண்ட லேப் 3 இருக்கிறது. மொத்தம் 180. தேர்வு நடுவில் ஏதாவது நின்றுபோனால் மாற்ற லேபுக்கு 5 இயந்திரத்தைச் சும்மா வைக்கவேண்டும், மிஞ்சுவது 165. ஆகவே 125, 125 என்று இரண்டு அணி. முதல் அணி காலை 10 மணிக்கு, இரண்டாம் அணி 12.30-க்கு. இரண்டு அணிக்கும் வேறு வேறு கேள்வித்தாள் உண்டா என்று மெயிலிலேயே கேட்டுவிடவேண்டும். ஒரே தாள் என்றால், முதல் அணி வெளியே வருமுன் இரண்டாம் அணியை செமினார் ஹாலில் அமர்த்திவிட்டு, வேறு படிக்கட்டு வழியாக லேபுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும்.

மறுநாள் இன்டர்வியூ. 60 பேர் தேறியிருக்கிறார்கள். டெக்னிக்கல் ரவுண்டுக்கு ஆளுக்கு 25 நிமிடம், குறிப்பெழுத 5 நிமிடம். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை, சாப்பாட்டு நேரம் போக 7 மணி நேரம். ஒரு பேனல் 14 பேரைத்தான் பார்க்கமுடியும். 60 பேருக்கு 5 பேனல் வேண்டும், அதாவது 5 அறை. எச்.ஆர். ரவுண்டுக்கு 2 அறை, மாணவர்கள் காத்திருக்க ஒன்று, கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து பட்டியல் போட ஒன்று. மொத்தம் 9.

'எத்தனை பேனலுடன் வருகிறீர்கள்?' என்று கேட்காமல் 9 அறையைப் பூட்டி வைத்துவிட்டு, அவர்கள் 3 பேனலோடு வந்து இறங்கினால் 5.30 மணிக்கு 42 பேர்தான் முடிந்திருப்பார்கள். மீதி 18 பேருக்கு இரவு 8.30 ஆகும். கல்லூரி பஸ் எப்போதோ கிளம்பியிருக்கும். களைத்துப்போன பேனலுக்கு முன்னால், பசியோடு கடைசியாகப் போய் உட்காருபவர் காலையில் போனவரோடு சமமாகப் போட்டியிடுகிறார் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு சிக்கல் தேதியில் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் கம்பெனிக்குச் செவ்வாயும் புதனும் கொடுத்தாகிவிட்டது. வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றும் அதே புதனைக் கேட்கிறது. அதற்கு வேண்டியது மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ. அறைக் கணக்கைப் பார்த்தால் இடமிருக்கலாம். பிரிவுகளைப் பார்த்தால் இ.சி.இ. இரண்டிலும் இருக்கிறது. புதனன்று அவர்களில் சிலர் இன்டர்வியூ வரிசையில் நிற்பார்கள். எனவே உதிரிபாகக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை.

அதோடு முடியவில்லை. பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்பது விதி. வியாழனன்று மென்பொருள் கம்பெனி முடிவு வந்தால், தேர்வான இ.சி.இ. மாணவர்கள் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். இரண்டாவதாக வரும் கம்பெனிக்கு இதை முன்கூட்டியே எழுதிவிடுவது நியாயம்: 'இ.சி.இ. பெயர்ப்பட்டியல் வியாழன் மாலை அனுப்பப்படும். ஏற்கெனவே தேர்வானவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.'

மாணவர்களுக்கும் அதே நியாயம் உண்டு. சர்க்யூட் போர்டிலேயே வேலை பார்க்கவேண்டும் என்று ஆசைப்படும் இ.சி.இ. மாணவி, வெள்ளிக்கிழமை அப்படியொரு கம்பெனி வருவதை அறிந்தால் செவ்வாய்த் தேர்வுக்குப் பெயர் கொடுக்காமல் இருக்கலாம். அதனால் மென்பொருள் கம்பெனிக்கான பதிவு முடிவதற்குள், இரண்டு கம்பெனிகளின் தேதியும் உறுதியாகி நோட்டீஸ் போர்டில் ஏறியிருக்கவேண்டும்.