கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு!

ஞாயிற்றுக்கிழமை மதியம். கோவையில் ஒரு வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் செய்தார்கள். நெய் விட்டு எல்லோரும் சாப்பிட்டது போக, பாத்திரத்தில் பாதி மிச்சம். அது அப்படியே அடுப்பு மேடையிலேயே இருந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்த அமுச்சி, "வாசம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. தண்ணி தெளிச்சு நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார்.

அமுச்சி சொன்னது சரியா? பாதி சரி, குழந்தைகளே. சூடு பண்ணினால் பாக்டீரியாக்கள் செத்துப் போகும் என்பது உண்மை. ஆனால் அவை சாவதற்கு முன்பு உணவில் கக்கி வைத்த நஞ்சு என்ன ஆகும்? அதில்தான் சிக்கல்.

கருவேல மரத்தை வெட்டிச் சாய்த்து விடலாம். ஆனால் தரையில் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் முள், வெறுங்காலோடு நடந்தால் குத்தத்தானே செய்யும்? மரத்துக்கு உயிர் உண்டு, வெட்டினால் சாகும். முள்ளுக்கு உயிர் இல்லை, அதை என்ன செய்து கொல்வது? பாக்டீரியாவும் அதன் நஞ்சும் அப்படித்தான்.

ஜப்பானில் நடந்த கதை

இதை உலகத்துக்கே புரிய வைத்த சம்பவம் ஒன்று 2000ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்தது. ஒசாகா நகரிலும் சுற்று வட்டாரத்திலும், அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், பால் குடித்த பலருக்குத் திடீரென்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல்! எல்லோரும் குடித்தது 'ஸ்னோ பிராண்ட்' என்ற பெரிய நிறுவனத்தின் பால்.

பாலில் கிருமி இருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிப் போனார்கள். அந்தப் பாலில் கலந்த பால் பவுடர், வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது. அங்கே மார்ச் 31ஆம் தேதி சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்று போயிருந்தது. இயந்திரங்கள் ஓடாததால், பால் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே தேங்கி நின்றது. அந்த நேரத்தில் 'ஸ்டஃபைலோகாக்கஸ்' என்ற பாக்டீரியா அதில் பெருகி, நஞ்சைச் சேர்த்துவிட்டது.

பிறகு அந்தப் பாலை 130 டிகிரி வரை சூடாக்கினார்கள். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான். பாக்டீரியா எல்லாம் செத்தன. கடைசியில் பவுடரைச் சோதித்தபோது அதில் அந்தப் பாக்டீரியா உயிரோடு இல்லை. ஆனால் நஞ்சு இருந்தது!

ஒருவருக்கு வாந்தி வர எவ்வளவு நஞ்சு தேவைப்பட்டது தெரியுமா? 20 முதல் 100 நானோகிராம் என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டையைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே கோளாறு வந்தது. குவாலியர் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, காரணம் இதே ஸ்டஃபைலோகாக்கஸ் என்று 2007இல் எழுதினார்கள்.

நஞ்சு ஏன் இவ்வளவு முரடு?

ஸ்டஃபைலோகாக்கஸ் நம் மூக்கிலும் தோலிலும் சீழ் வைத்த புண்ணிலும் வாழ்கிறது. தும்மிய கையால், புண் உள்ள விரலால் உணவைத் தொட்டால் அதில் ஏறிவிடும். அதன் நஞ்சு ஒரு புரதம். முட்டையும் புரதம்தானே, வேக வைத்தால் மாறிவிடுகிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி! பெரும்பாலான புரதங்கள் சூட்டில் குலைந்து போகும். இந்தப் புரதமோ சிறியது. இறுக்கமாக மடிந்து கிடப்பது. கொதிக்கும்போது கொஞ்சம் குலைந்தாலும், ஆறும்போது பெரும்பகுதி பழையபடி மடிந்து கொள்ளும். வயிற்றில் சுரக்கும் நீராலும் அதை எளிதில் உடைக்க முடியாது.

சோற்றுக்கென்றே இன்னொரு ஆள் இருக்கிறது. பெயர் 'பேசில்லஸ் சீரியஸ்'. மண்ணில் வாழும் இது, 'வித்து' என்ற கெட்டியான கூட்டுக்குள் ஒளிந்துகொண்டு அரிசியோடு வரும். சோறு வேகும்போதும் வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகும். இதன் வாந்தி நஞ்சின் பெயர் 'செரியூலைடு'. இது ஒரு சின்ன வளையம் போன்றது. ஆய்வுக்கூடத்தில் 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தும் இது அழியவில்லை. உங்கள் வீட்டு பிரஷர் குக்கரின் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

எல்லா நஞ்சும் இப்படி இல்லை. 'பாட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் நஞ்சு இவற்றைவிடப் பல மடங்கு கொடியது. ஆனால் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது கெட்டுப் போகும். கொடிய நஞ்செல்லாம் சூட்டைத் தாங்கும் என்று நினைத்து விடாதீர்கள். அதன் அமைப்பைப் பொறுத்தது அது.

கடிகாரம் சொல்லும்

அமுச்சி மோந்து பார்த்தாரே, அதில் ஏன் தெரியவில்லை? ஊசிப்போன வாடையும் நூல் விடும் பிசுபிசுப்பும் வேறு பாக்டீரியாக்களின் வேலை. இந்த நஞ்சுகளுக்கு வாடை கிடையாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கடிகாரத்தை! ஒரு கணக்குப் போடுவோம். மதியம் ஒரு மணிக்குச் சோற்றின் ஒரு துளியில் 100 பாக்டீரியா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மடங்கானால், மூன்று மணிக்கு 1,600. ஐந்து மணிக்கு 25,600. இரவு எட்டு மணிக்கு 16 லட்சத்துக்கும் மேல்! ஆரம்பத்தில் மெதுவாக இருந்து, கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் எப்படி எகிறுகிறது, பார்த்தீர்களா? லட்சக்கணக்கில் பெருகிய பிறகுதான் நஞ்சு ஆபத்தான அளவுக்குச் சேரும். அதனால்தான் சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்க இருக்க வேண்டும். குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய குண்டாவில் நிறைய சோற்றை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். தட்டையான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். அப்படி உடனே குளிர வைத்த சோற்றை மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிடலாம். சூடு பண்ணுவதில் தவறே இல்லை. அதற்கு முன்னால் உணவு எப்படி இருந்தது என்பதுதான் விஷயம்.

கெட்ட உணவைத் தின்றுவிட்டால், பெரும்பாலும் அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ டாக்டரிடம் உடனே போக வேண்டும்.

சரி, அந்தச் சாதம் என்ன ஆனது? வெளியே ஏழு மணி நேரம் இருந்திருக்கிறது. பேத்தி இந்தக் கணக்கைச் சொன்னதும் அமுச்சி கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரிசியை வீணாக்கறமேன்னு மனசு கேக்கல கண்ணு" என்றபடி அதைக் கொட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு எழுந்தவுடனே, மிச்சச் சாதத்தைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தவரும் அவரேதான்!